சிறப்பு விருந்தினருக்கு என்ன கொடுப்பது? கல்லூரி விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், மன்றச் செயலாளர்களாகப் பொறுப்பேற்றிருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

மன்றத் தொடக்க விழாவானாலும் கருத்தரங்கானாலும் ஆண்டு விழாவானாலும் மேடைக்கும் மைக்குக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் பல நாள் முன்பே ஆள் வைத்துவிடுகிறீர்கள். நினைவுப் பரிசு மட்டும் பெரும்பாலும் முந்தின நாள் மதியம்தான் யாருக்காவது ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் ஊரில் கிடைப்பது கேடயம் ஒன்றுதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பெயரை எழுதிக் கொடுத்தால் மறுநாள் காலை வாங்கிக்கொள்ளலாம். அப்படித்தான் தமிழ்நாட்டுக் கல்லூரி மேடைகளில் கேடயம் நிலையான வழக்கமாகிப் போனது. யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை.

விழா ஏற்பாட்டிலும் கேடயப் பட்டறையிலும் வேலை செய்கிற நாங்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்டுக்கொள்வது இரண்டுதான். ஒன்று, விருந்தினரின் பெயரைப் பொருளின் மேல் பொறிக்காதீர்கள். தனி அட்டையில் எழுதுங்கள். இரண்டு, பொருளைத் தேர்வதற்கு முன் அவர் எப்படி வீடு திரும்பப் போகிறார் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து தானாக வரும்.

பெயரில் தொடங்குவோம். கேடயத்தில் பெயர் பொறித்ததும் அது இன்னொருவருக்கு உதவாத பொருளாகிவிடுகிறது. ஆண்டுக்கு இருபது மேடை ஏறுகிற ஒரு பேராசிரியரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். அவர் அதை யாருக்கும் கொடுக்க முடியாது. தன் பெயர் இருப்பதால் குப்பையில் போடவும் மனம் வராது. பழைய இரும்புக் கடைக்காரரும் அக்ரிலிக்கையும் ஃபைபரையும் எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே அது பரணுக்குப் போகிறது.

உங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு. விழாவுக்கு முந்தின இரவு விருந்தினர் வர முடியாமல் போய் வேறொருவரை அழைத்து வந்தால், பெயர் பொறித்த கேடயத்தை என்ன செய்வீர்கள்? மேல் தகட்டை உரித்து வேறு தகடு ஒட்டச் சொல்வார்கள். பசை காயாத தகடு மேடையிலேயே கையோடு வந்துவிடுவதும் உண்டு.

பெயரில் எழுத்துப் பிழை வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வேகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் யூனிகோடு எழுத்து. பல கடைகளில் இன்னும் பழைய பதிப்பு கோரல் டிராதான் இருக்கிறது. அதில் யூனிகோடு தமிழை ஒட்டினால் எழுத்துகள் சரியாகக் கோக்கப்படாது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் தம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். செல்வி, மேகலா, தேவி போன்ற பெயர்கள் அப்படியே சிதையும். இதைத் தவிர்க்கக் கடைக்காரர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் பெயரைத் தாமே மறுபடி தட்டச்சு செய்கிறார். இந்த மறு தட்டச்சில்தான் ணகரம் னகரமாகிறது, றகரம் ரகரமாகிறது, ஒற்று விழுந்துபோகிறது. கேடயமோ பதாகையோ செய்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் கணினியிலேயே வாசகத்தை அமைத்து பிடிஎஃப் ஆக்கி, எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றி அனுப்புங்கள். கோரலில் அதற்குக் ‘கர்வ்’ ஆக்குவது என்று சொல்வார்கள். கடைக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொன்னாலே போதும். பிறகு அவர் அனுப்பும் மாதிரிப் படத்தை ஒருவர் எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் விருந்தினரே எழுதி அனுப்பிய பெயரோடு ஒப்பிட வேண்டும். அழைப்பிதழோடு ஒப்பிடாதீர்கள். அழைப்பிதழிலேயே பிழை இருந்தால் அது கேடயத்துக்கும் போய்ச் சேரும்.

தலைப்பெழுத்தை அவர் ‘ச.’ என்று எழுதுகிறாரா ‘எஸ்.’ என்று எழுதுகிறாரா, ‘முனைவர்’ போடுகிறாரா, பணி ஓய்வு பெற்றவர் என்றால் பழைய பதவியைப் போட விரும்புகிறாரா என்பதையெல்லாம் அவரிடம் கேட்பதில் தவறில்லை. கேட்காமல் போடுவதுதான் சங்கடம்.

இனிப் பயணம். பட்டறையில் ‘கிரிஸ்டல்’ என்று சொல்லும் கேடயம் உண்மையில் கனமான கண்ணாடி. 20 சென்டிமீட்டர் உயரம், 15 அகலம், 2 தடிமன் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 600 கன சென்டிமீட்டர். கண்ணாடி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராம் என்பதால் துண்டு மட்டுமே ஒன்றரைக் கிலோ. அடிப்பீடமும் வெல்வெட் பெட்டியும் சேர்ந்தால் இரண்டு கிலோவை நெருங்கிவிடும். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. மடிக்கணினியும் ஒரு நாள் துணியும் வைத்திருக்கும் விருந்தினருக்கு நீங்கள் கொடுத்த இரண்டு கிலோ எங்கே போகும்? அவர் தங்கியிருந்த விடுதி அறையில்தான். விருந்தினர் கிளம்பிய பிறகு விடுதி வரவேற்பறையிலிருந்து “சார் ஒண்ண மறந்து வெச்சிட்டுப் போயிட்டாரு” என்று அழைப்பு வந்தால், பெரும்பாலும் அவர் மறக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதே அளவு அக்ரிலிக்கில் செய்தால் எடை பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 700 கிராம். ஆனால் அக்ரிலிக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. லேசரில் வெட்டிய விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கும். கைரேகையைத் துடைக்கலாம் என்று யாராவது சானிட்டைசரோ தின்னரோ தொட்டுத் தேய்த்தால், விளிம்பிலிருந்து உள்ளே மெல்லிய வெடிப்புகள் கிளம்பும். மேடையில் பளபளப்பாகத் தெரியும். அடுத்த நாள் பார்த்தால் மங்கியிருக்கும். ஈரத்தில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை விழா நாள் காலை வரை உரிக்காதீர்கள்.

கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர் ஓவியமும் குத்துவிளக்கும் எடையில் கிரிஸ்டல் கேடயத்தின் வகைதான். நாச்சியார்கோவில் விளக்கு அழகு என்பதில் மறுப்பில்லை. எடை பார்த்து விற்கும் பொருள் அது. சிறியது வாங்கினால் மேடையில் எடுபடாது, பெரியது வாங்கினால் தூக்க முடியாது. உள்ளூரில் காரில் வந்து காரில் போகிறவருக்கு, அவர் வீட்டில் விளக்கேற்றும் வழக்கம் உண்டென்று தெரிந்தால் மட்டும் கொடுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் மலிவானது வேண்டவே வேண்டாம். நல்ல ஓவியத்தில் ஒட்டுவது தங்க ரேக்கு. ஆயிரம் ரூபாய்க்குப் பெரிய சட்டத்தில் வருவதில் இருப்பது தங்க நிறத் தாள். சில ஆண்டுகளில் அது கறுத்துவிடும். கொடுத்தவர் பெயரும் அதோடு சேர்ந்து கறுக்கும்.

மரக்கன்று கொடுப்பது நல்ல எண்ணம்தான். ரயிலில் போகிறவர் கையில் மண் நிறைந்த கறுப்புப் பையைக் கொடுத்தால் அது பெட்டியின் இருக்கைக்கடியில் சாயும், ஈரம் கசியும், விடிவதற்குள் செடி ஒடிந்திருக்கும். கன்றைக் கல்லூரி வளாகத்திலேயே அவர் கையால் நடச் செய்யலாம். ஆண்டு விழா மாசி பங்குனியில் என்றால் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை நியமித்துவிட்டு நடுங்கள்.

அரசு அதிகாரிகளையும் நீதிபதிகளையும் அழைக்கும்போது கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் போன்றோருக்கு அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள், 1968 பொருந்தும். அதன் 11ஆம் விதிப்படி, 5,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பரிசை அவர்கள் அரசின் ஒப்புதல் இல்லாமல் வாங்க முடியாது. ஒரு வேளைச் சாப்பாடு, ஊர்தியில் அழைத்துச் செல்வது போன்றவை பரிசாகக் கருதப்படா. மாநில அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தனி விதிகள் இருக்கின்றன. நீதிபதிகள் நிலை இன்னும் கண்டிப்பானது. 1997இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நீதித்துறை வாழ்வின் மதிப்பீடுகள் என்ற ஆவணம், குடும்பத்தார், நெருங்கிய உறவினர், நண்பர்கள் தவிர வேறு யாரிடமும் நீதிபதி பரிசு வாங்கக் கூடாது என்கிறது. பிரதமரின் உள்நாட்டுப் பயணங்களில் பூங்கொத்து வேண்டாம், ஒற்றைப் பூவோடு ஒரு கதர்க் கைக்குட்டையோ புத்தகமோ போதும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2017இலேயே மாநிலங்களுக்கு எழுதியது. பிரதமருக்கே ஒரு கைக்குட்டை போதும் என்றால் நாம் ஏன் வெள்ளித் தட்டைத் தேடி அலைய வேண்டும்?

நடைமுறை எளிது. அதிகாரியின் உதவியாளரை அழைத்து, “விழாவில் இன்ன பொருள் தரலாம் என்றிருக்கிறோம், ஐயா ஏற்றுக்கொள்வார்களா?” என்று பொருளின் பெயரையும் விலையையும் சொல்லியே கேட்டுவிடுங்கள். “மேடம் எதுவும் வாங்கமாட்டாங்க, ஒரு புத்தகம் போதும்” என்றால் அதோடு நிறுத்துங்கள். சுயநிதிக் கல்லூரிகள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. உங்கள் கட்டட அனுமதியோ இணைப்போ எந்த அலுவலரின் மேசையில் இருக்கிறதோ, அவருக்கு மேடையில் கொடுக்கும் பரிசைப் பார்ப்பவர்கள் வேறு விதமாகவும் பார்ப்பார்கள். ரசீதை விழாக் கோப்பில் வைத்திருங்கள்.

சரி, பிறகு என்னதான் கொடுப்பது? ஒரு விழாவை வைத்து முழுக்கப் பார்த்துவிடலாம்.

திருநெல்வேலியில் ஒரு கலைக் கல்லூரி. தமிழ்த்துறை மன்றத் தொடக்க விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ரயிலில் வந்திறங்கி, அன்றிரவே நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்புகிறார். நினைவுப் பரிசுக்கு மன்றம் ஒதுக்கியிருப்பது 2,000 ரூபாய். பயணச் செலவும் மதிப்பூதியமும் தனிக் கணக்கு. இதை அழுத்திச் சொல்கிறோம்: பேச வருகிறவரின் ரயில் கட்டணத்தைக் கொடுக்காமல் அந்தத் தொகையில் பெரிய கேடயம் கொடுப்பது கணக்கிலும் தப்பு, மரியாதையிலும் தப்பு.

மூன்று வாரத்துக்கு முன், அழைப்பை உறுதி செய்யும் பேச்சிலேயே நான்கு விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். பெயரை எப்படி எழுத வேண்டும், எந்த வண்டியில் திரும்புகிறார், கூட யாராவது வருகிறார்களா, சாப்பாட்டில் எது ஆகாது. கடைசிக் கேள்வி மதியச் சாப்பாட்டுக்காகக் கேட்பது போலத்தான் இருக்கும். சர்க்கரை இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அல்வா வாங்கலாமா வேண்டாமா என்பது அங்கே முடிவாகும்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி, ஊறவைத்து, காயவைத்து, சாயமேற்றி அங்கே பாய் நெய்கிறார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மிக மெல்லிய கோரையில் நெய்யும் பட்டுப் பாய் வாரக்கணக்கில் வேலை வாங்கும். 2,000 ரூபாய்க்குள் அதை நினைக்க வேண்டாம். ஆனால் உட்காரும் தடுக்கும், மேசை விரிப்பும், கோரைக் கைப்பையும் இந்தத் தொகைக்குள் அடங்கும். ஆயிரம் ரூபாயை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க இரண்டு வாரத்துக்கு முன்பே ஒருவர் நேரில் போக வேண்டும். படம் பார்த்து வாங்கக் கூடாது. பாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கோரைகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று தெரியும். ஓரத்துக் கட்டு நூலை விரலால் தள்ளிப் பாருங்கள். நூல் நகர்ந்தால் ஆறு மாதத்தில் ஓரம் பிரியும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சிவப்புக் கரையில் தேய்த்தால் சாயம் ஏறுகிறதா என்று பார்த்துவிடலாம். கடைசியாக மோந்து பாருங்கள். கோரை சரியாகக் காயாமல் அடுக்கியிருந்தால் பூஞ்சை வாடை வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் இது சகஜம். அந்த மாதங்களில் விழா என்றால் முன்கூட்டியே வாங்கி, நிழலில் விரித்து வைத்துவிட்டுச் சுருட்டுங்கள். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும்.

“பேரு நெய்து தரவா?” என்று கேட்பார்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வது அவர்கள் கைவந்த வேலை. மணமக்களுக்கு அது பொருத்தம். உங்கள் விருந்தினருக்கு வேண்டாம். பெயரில்லாத விரிப்பை அவர் தம் வீட்டு மேசையில் போட்டுக்கொள்வார், இல்லையென்றால் மனம் உவந்து யாருக்காவது கொடுப்பார்.

பாயை மடித்தால் மடிப்பில் கோரை ஒடியும். ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் துணிச்சுருள் தீர்ந்த அட்டைக் குழல்கள் சும்மா கிடக்கும். ஒன்றை வாங்கி, விரிப்பின் அகலத்தைவிட இரண்டு விரற்கடை அதிகமாக வைத்து அறுத்து, அதன் மேல் விரிப்பைச் சுற்றி, பருத்தி நாடாவால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். ரப்பர் வளையம் போடாதீர்கள், தடம் விழும். ஒன்றரையடி, இரண்டடி அகலமுள்ள சுருள் ரயில் படுக்கையில் தலைமாட்டில் அடங்கிவிடும்.

மீதி ஆயிரத்தில் ஒரு நூல் வாங்கலாம். நூல் கொடுப்பதில் நடக்கும் பெரிய விபத்து, விருந்தினர் எழுதிய நூலையே அவருக்குக் கொடுப்பது. அடுத்தது, அவர் துறையின் அடிப்படை நூலைக் கொடுப்பது. தமிழ்ப் பேராசிரியையிடம் திருக்குறள் உரை ஏற்கெனவே பத்தாவது இருக்கும். உங்கள் ஊரைப் பற்றிய நூல் என்றால் இரண்டுக்கும் வாய்ப்புக் குறைவு. பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றைப் பற்றியோ, உங்கள் வட்டாரத்து வழக்காறுகளைப் பற்றியோ ஒல்லியான நூலாகத் தேடுங்கள். ஐந்நூறு பக்கத்துக்கு மேல் போனால் மறுபடி எடைக் கணக்கு வந்துவிடும்.

சர்க்கரை இல்லை என்று தெரிந்தால் அரைக் கிலோ அல்வா. அதை அன்று காலையே வாங்கி ஆறவிட வேண்டும். மாலையில் சூடாக வாங்கிப் பொட்டலமாகவே பையில் போட்டால் நெய் கசியும். நெய் பட்ட கோரையும் நெய் பட்ட புத்தகமும் திரும்பத் தேறாது. ஆறின அல்வாவை எண்ணெய்த் தாள் விரித்த அட்டைப் பெட்டியில் வைத்து, அதைத் தனிப் பையில் போடுங்கள். பாயும் நூலும் இன்னொரு பையில். இரண்டுக்கும் மஞ்சப்பையே போதும், வண்ணக் காகிதம் வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் 2021 முதல் நடக்கிறது. அரசு அலுவலரை மேடையில் வைத்துக்கொண்டு பளபள நெகிழித் தாளில் சுற்றியதைக் கொடுப்பது உங்களுக்கே ஒரு மாதிரி இருக்காதா?

ஊருக்கு ஊர் பொருள் மாறும், யோசனை இதேதான். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் எளிது, கெடாது, பயணத்துக்கு ஏற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சில நாளில் கெடும், அன்றே வீடு சேர்கிறவருக்கு மட்டும். உடன்குடிக் கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும். பவானியில் ஜமக்காளம், மதுரையில் சுங்குடி, மானாமதுரையில் மண்பாண்டம் என்று ஆளுக்கொன்று கையருகே இருக்கும். மண்பாண்டம் காரில் போகிறவருக்குத்தான்.

இனி அந்த அட்டை. பெயரைப் பொருளிலிருந்து எடுத்து அட்டைக்குக் கொண்டுபோகிறோம் என்றோமே, அதனால் அட்டை ஒப்புக்கு இருக்கக் கூடாது. ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம் கெட்டி அட்டை, மேலே கல்லூரி முத்திரை அச்சிட்டது, கீழே வெற்றிடம். அழகாக எழுதும் ஒரு மாணவியோ மாணவரோ கறுப்பு மையில் கையால் எழுத வேண்டும். ‘தங்கள் வருகையால் இவ்விழா சிறப்புற்றது’ என்பது யாருக்கும் பொருந்தும், ஆகவே யாருக்கும் பொருந்தாது. என்ன தலைப்பில் பேசினார், எந்த நாள், எந்த மன்றம், கூட வைத்திருக்கும் பொருள் எங்கே நெய்தது, இவ்வளவும் நான்கு வரியில் வரட்டும். ‘நாட்டார் கதைப்பாடல்கள் குறித்து எங்கள் மன்றத்தில் உரையாற்றிய பேராசிரியருக்குத் தமிழ்த்துறை மாணவர்களின் அன்பளிப்பு. இந்த விரிப்பு பத்தமடையில் கோரையால் நெய்தது’ என்று இருந்தால் போதும். எழுதாத அட்டைகள் இரண்டைக் கையிருப்பில் வையுங்கள். விருந்தினர் மாறினாலோ எதிர்பாராமல் இன்னொருவர் மேடையேறினாலோ பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். அதே காரணத்துக்காகப் பெயரில்லாத சிறு பொருள் ஒன்றும், ஒரு நூலோ தடுக்கோ, உபரியாக இருக்கட்டும். துணைக்கு வந்த கணவரையோ மகளையோ முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க இது உதவும்.

பொன்னாடையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் கட்டாக வாங்கும் பொன்னாடை பெரும்பாலும் பாலியஸ்டர். ஓரக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்தால் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் பொன்னாடையை யாரும் துவட்டிக்கொள்ளவும் முடியாது, போர்த்திக்கொள்ளவும் முடியாது. அடுத்த மேடையில் அடுத்தவர் தோளுக்குத்தான் போகிறது. சற்றுக் கூடுதல் விலையில் கோ-ஆப்டெக்ஸிலோ கதர்க் கடையிலோ கைத்தறித் துண்டு கிடைக்கும், வீட்டில் பயன்படும். பெண் விருந்தினருக்கு ஆண்கள் தோளில் போர்த்த முனைய வேண்டாம். ஒரு பேராசிரியையோ மாணவியோ போர்த்தட்டும், இல்லையென்றால் கையில் கொடுத்தால் போதும்.

மேடையில் நடக்கும் குளறுபடிகளில் முதலாவது பரிசுகள் இடம் மாறுவது. ஒவ்வொரு பையின் கைப்பிடியிலும் பெயர் எழுதிய காகிதச் சீட்டை நூலால் கட்டி, கொடுக்கும் வரிசைப்படி மேசையில் இடமிருந்து வலமாக அடுக்குங்கள். தொகுப்பாளர் கையில் இருக்கும் தாளிலும் அதே வரிசை. மேசைக்கு ஓர் ஆள் பொறுப்பு. அவர் வேறு எந்த வேலைக்கும் போகக் கூடாது. கொடுக்கும் நேரம், விருந்தினர் பேசி முடித்து உட்கார்ந்த பின், நன்றியுரைக்கு முன். அவருக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் நன்றியுரை வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். படம் எடுக்கும்போது பையோடு கொடுக்காமல், சுருளையும் நூலையும் வெளியே எடுத்து, நூலின் அட்டை அவையைப் பார்க்கும்படி இரண்டு கையாலும் கொடுங்கள். அல்வாப் பை மேடைக்கே வர வேண்டியதில்லை.

படம் எடுத்த மறு நொடி அந்தப் பொறுப்பாளர் விருந்தினரிடமிருந்து பொருளை வாங்கி, பையில் போட்டு, பெயரட்டையை உள்ளே வைத்து, அவர் போகவிருக்கும் ஊர்தியில் கொண்டு வைக்க வேண்டும். பல பரிசுகள் தொலைவது இந்த இடத்தில்தான். மேடை நாற்காலிக்கு அடியிலோ, முதல்வர் அறையிலோ, வேறு ஒருவரின் காரிலோ அவை தங்கிவிடும். வைத்த பிறகு ஓட்டுநருக்கும் விருந்தினருக்கும் “ரெண்டு பை பின் சீட்ல இருக்கு மேடம், அல்வா தனியா இருக்கு” என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் முதல்வர் கையெழுத்திட்ட நன்றிக் கடிதம், நல்ல படங்கள் நான்கைந்து, உரையின் ஒலிப்பதிவு இருந்தால் அதுவும் போய்ச் சேர வேண்டும். கடிதத்தில் அவர் சொன்ன எந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு மாணவர்கள் என்ன செய்யத் தொடங்கியிருக்கிறார்கள் என்று இரண்டு வரி இருக்கட்டும். இதற்காக உரையின்போதே குறிப்பெடுக்க ஒரு மாணவரை உட்காரவைத்திருக்க வேண்டும்.

முதல்வர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். கல்லூரி முத்திரையோடு ஐம்பது கேடயங்களை மொத்தமாகச் செய்து வைத்தால் விலை குறையும் என்று ஆண்டுத் தொடக்கத்தில் விலைப்புள்ளி வரும். அதில் பெரும்பாலும் முதல்வர் பெயரும் கல்வியாண்டும் அச்சாகியிருக்கும். ஆண்டு முடிந்ததும் மீதமுள்ளவை அலமாரியில் அடைந்து, அடுத்த முதல்வர் வந்ததும் பயனற்றுப் போகும். அந்தத் தொகையைத் துறை மன்றங்களுக்குப் பகிர்ந்து, விழாவுக்கு மூன்று வாரம் முன்பே முன்பணமாகக் கையில் கொடுங்கள். முந்தின நாள் மாலை பணம் கிடைக்கும் மாணவர் பத்தமடைக்குப் போக முடியாது. பேருந்து நிலையத்துக் கேடயக் கடைக்குத்தான் போவார். பாய் நெய்கிறவரிடம் ஜிஎஸ்டி ரசீது இருக்காது என்பதையும் கணக்கு அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லி, கையெழுத்திட்ட செலவுச் சீட்டை ஏற்க ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
விழா ஏற்பாட்டிலும் பட்டறையிலும் இருக்கும் சிலர்